ஹோட்டல் வேலைக்குத் தாலி, மூக்குத்தி, மெட்டியோடு போகலாமா? திங்கட்கிழமை சேர வேண்டும், அவசரம்

கவி_மணப்பாறை
எல்லாருக்கும் வணக்கம். இங்கே வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை இன்டக்‌ஷன். மெயிலில் ஒரு பக்கத்துக்கு விதிகள் அனுப்பியிருக்கிறார்கள்: கல் வைக்காத கல்யாண மோதிரம் தவிர வேறு நகை கூடாது, நகத்தில் பாலிஷ் கூடாது, முடி காலருக்கு மேலே நிற்க வேண்டும், கறுப்பு ஷூ போட வேண்டும்.

எனக்குத் தாலிச் சங்கிலி, மெட்டி, கையில் கோயில் கயிறு எல்லாம் இருக்கிறது. மூக்குத்தி கல்யாணத்துக்காகக் குத்தியது, இன்னும் சரியாக ஆறவில்லை. முடி இடுப்பு வரை. கையில் மருதாணி வேறு பாதி அழிந்தும் அழியாமலும் நிற்கிறது. தாலியைக் கழற்றுவது பற்றி அத்தையிடம் வாயைத் திறக்கவே முடியாது. வேலையும் போய்விடக் கூடாது. என்ன செய்வது?

ஷார்ஜா செல்வம்
தங்கச்சி, எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நான் பாங்க்வெட்டில் சேர்ந்தபோது ஷிஃப்டுக்கு முன்னால் வரிசையாக நிற்க வைத்து, கையை நீட்டச் சொல்லி நகம் பார்ப்பார்கள். தாடி ஒரு நாள் வளர்ந்திருந்தாலும் பாத்ரூமுக்கு அனுப்பி, அங்கே இருக்கிற ஒரு திராபை ரேசரில் வழிக்கச் சொல்வார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறேன் என்று சொன்னவனைக்கூட விடவில்லை. முதல் மாதத்தில் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஷூவில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். மலிவு ஷூ போட்டுப் பாத்திரம் கழுவும் இடத்தில் வழுக்கி விழுந்து, முட்டி இன்னும் மழைக்காலத்தில் வலிக்கிறது.

லண்டன் மீரா
செல்வம் அண்ணா, இது துபாய் இல்லை, ஷார்ஜாவும் இல்லை. கவி, தாலி மதச் சின்னம். பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டம் இருக்கிறது, யாரும் அதில் கை வைக்க முடியாது. பிரிட்டிஷ் ஏர்வேஸில் சிலுவை போடக் கூடாது என்று சொன்னார்கள், அந்த அம்மா ஸ்ட்ராஸ்பர்கில் இருக்கிற ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட் வரை போய் 2013ல் ஜெயித்தார். தைரியமாகப் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு வார்த்தை சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

ராஜன்_செஃப்
மீரா, அதே தீர்ப்பில் ஒரு நர்ஸும் சிலுவைக்காகத்தான் போனார், அவர் தோற்றார். வார்டில் சங்கிலி தொங்கினால் நோயாளி பிடித்து இழுக்கலாம், காயத்தில் படலாம் என்று ஆஸ்பத்திரி சொன்னதை கோர்ட் ஏற்றுக்கொண்டது. விமானக் கம்பெனியிடம் இருந்த காரணம் வெறும் தோற்றம், ஆஸ்பத்திரியிடம் இருந்தது பாதுகாப்பு. ஹோட்டலுக்கும் இந்தக் கணக்குதான். ரிசப்ஷனில் நிற்பவரின் தாலியும் கிச்சனில் சாலட் வெட்டுபவரின் தாலியும் ஒன்றில்லை.

கவி, எந்த நாடு, எந்த ஊர்? கிச்சனா, சர்வீஸா, ரூமா? சம்பளம் ஹோட்டல் தருகிறதா, ஏஜென்சியா? இது தெரியாமல் எல்லோரும் அவரவர் ஊர்ப் பஞ்சாயத்தைத்தான் சொல்வோம்.

ஸ்கார்பரோ சிவா
பிள்ளை, நான் கனடா வந்த புதுசில் டோனட் கடையில் நின்றனான். நகம், நகை ஒண்டும் பிரச்சினை இல்லை, கையுறை போட்டால் சரி. தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் கோத்துப் போடும். எங்கட ஆக்கள் கனபேர் அப்படித்தான். கொடி ஒன்பது பவுண், தொலைந்தால் ஆர் தருவினம்?

ராஜன்_செஃப்
கையுறை போட்டால் சரி என்பது ஆபத்தான பேச்சு அண்ணன். நீண்ட நகமும் கல் மோதிரமும் கையுறையைக் கிழிக்கும். கிழிந்த துண்டு சாப்பாட்டில் விழும். அதைவிட மோசம், கையுறை போட்டவன் கை கழுவ மாட்டான்.

மஞ்சள் கயிறும் கிச்சனுக்குச் சங்கிலியைவிட நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். சங்கிலியைத் துடைத்துவிடலாம்.

மீனா_ஆட்டோ
தாலி, மெட்டி என்று நாமே இவ்வளவு பயப்படுகிறோம். எங்கள் ஹோட்டலில் கழுத்துவரை பச்சை குத்திய பையன் வெயிட்டராக நிற்கிறான், அவனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நான் மூக்குத்தி போட்டதும் மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார்.

லண்டன் மீரா
அதேதான்! என் ரூம்மேட் கஃபேயில் புருவத்தில் வளையமே மாட்டியிருக்கிறாள்.

ஷார்ஜா செல்வம்
சர்வீஸ் சார்ஜ் என்று பில்லில் போடுகிறார்களே, அதை உங்களுக்குத் தருகிறார்களா? அதைக் கேளுங்கள் முதலில். நகையைப் பார்ப்பவன் டிப்ஸைப் பார்க்கிறானா?

மீனா_ஆட்டோ
டிப்ஸா? காலை ஷிஃப்டில் டிப்ஸ் என்று ஒன்று கிடையாது அண்ணா. வறுத்த பேக்கன் வாசம்தான் கிடைக்கும். தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் அது இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

கவி_மணப்பாறை
மன்னிக்கவும், வீடியோ காலில் அத்தையிடம் மாட்டிக்கொண்டேன். பர்மிங்காம். காலை உணவு ரெஸ்டாரன்டில் வேலை. டேபிள் பார்ப்பதோடு கிச்சனில் பழம் வெட்டித் தட்டில் அடுக்கவும் சொல்வார்களாம். ஏஜென்சி மூலம்தான், வாரச் சம்பளம், மணிக்கு 12.21 பவுண்டு, வாரத்துக்கு 20 மணி நேரம். ஷூவும் சட்டையும் அவர்களே தருவார்கள், முதல் சம்பளத்தில் 45 பவுண்டு பிடித்துக்கொள்வோம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

ராஜன்_செஃப்
இப்போது பேசலாம். நான் பர்மிங்காம் பக்கத்தில் ஒரு ஹோட்டல் கிச்சனில் சூ செஃப், அதாவது தலைமைச் செஃபுக்கு அடுத்த ஆள்.

முதலில் எது சட்டம், எது ஹோட்டலின் சொந்த விதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். இங்கே உணவுச் சுகாதாரச் சட்டம் சொல்வது சின்ன வாக்கியம்தான்: சாப்பாட்டைத் தொடுபவர் சுத்தமாக இருக்க வேண்டும், பொருத்தமான சுத்தமான உடை போட வேண்டும். அதில் நகை என்ற பேச்சே இல்லை. சாப்பாடு தயாரிக்கும்போது வாட்சும் நகையும் வேண்டாம், சாதா மோதிரம் மட்டும் பரவாயில்லை என்பது உணவுத் தர முகமை சின்னக் கடைகளுக்காகப் போட்ட கையேட்டில் வருகிறது. உங்களுக்கு வந்த பக்கம் அதிலிருந்து ஹோட்டல் எழுதிக்கொண்டது போலத்தான் தெரிகிறது. ஹோட்டலின் சொந்த விதி, கேட்டால் கொஞ்சம் வளையும், ஆனால் முன்கூட்டியே கேட்க வேண்டும். பழம் வெட்டுகிறீர்கள் என்பதால் உங்களுக்குக் கிச்சன் விதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கயிற்றைக் கழற்றிவிடுங்கள், இதில் வாதாட முடியாது. கை கழுவும்போது மணிக்கட்டு வரை சோப்பு போட வேண்டும், நனைந்த கயிறு நாள் முழுக்கக் காயாது. கோயில் கயிறுதான் வேண்டும் என்றால் காலில் கட்டிக்கொள்ளுங்கள், சாக்ஸுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள். மெட்டியும் அப்படித்தான். ஆனால் ஷூவை வாங்கும்போது மெட்டியோடு போட்டுப் பாருங்கள், முன்பக்கம் இறுகினால் மதியத்துக்குள் விரல் கன்றிப்போகும்.

தாலியைச் சட்டைக்கு உள்ளே, மேல் பட்டன் போட்டு மறைத்தால் என் கிச்சனில் நான் விடுவேன். குனியும்போது வெளியே வரக் கூடாது, அவ்வளவுதான். ஊக்கு மாட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள், அதுதான் முதலில் விழும். உங்கள் செஃப் எப்படியோ தெரியாது. அதனால் சனிக்கிழமையே மெயில் போடுங்கள். இது திருமணத்தின் அடையாளம், கழற்றுவதில்லை, உள்ளே மூடி வைத்துக்கொள்கிறேன், சரியா என்று இரண்டு வரி. மீரா சொன்ன சட்டத்தை முதல் மெயிலிலேயே எடுக்க வேண்டாம். முடியாது என்று பதில் வந்தால் ஏன் என்று கேளுங்கள், காரணம் சுத்தமா தோற்றமா என்று அப்போது தெரியும்.

மூக்குத்தி ஆறாத புண். கழற்றினால் துவாரம் தூர்ந்துவிடும், கழற்றாவிட்டால் திருகு கழன்று விழலாம். வழக்கமாக அதன்மேல் சின்ன நீல பிளாஸ்டர் ஒட்டச் சொல்வார்கள். நீலத்தில் சாப்பாடு அபூர்வம் என்பதால் தட்டில் விழுந்தால் கண்ணில் படும். முகத்தில் நீலப் பொட்டு மாதிரி இருக்கும், டேபிளுக்குப் போகும்போது உங்களுக்கே பிடிக்காது. புண் இருக்கும்வரை மூக்கைத் தொடாதீர்கள், தொட்டால் கை கழுவுங்கள். மூக்கில் இருக்கும் கிருமி சாப்பாட்டுக்குப் போனால்தான் வாந்தி பேதி.

மருதாணிக்குப் பயப்படாதீர்கள், அது உரிந்து விழாது. பாலிஷும் ஜெல் நகமும் வேறு, அவை பெயர்ந்து கேக்கில் கிடந்ததை நானே எடுத்திருக்கிறேன்.

மீனா_ஆட்டோ
முடிக்கு நான் சொல்கிறேன், எனக்கும் நீளம். பின்னல் போதாது, குனிந்தால் முன்னால் வந்து பழத்தட்டில் விழும். பின்னலைச் சுற்றிக் கொண்டையாக்கி, துணி சுற்றிய பேண்டு இரண்டு போடுங்கள். கறுப்பு ஹேர்பின் வேண்டாம், ஒன்று தொலைந்தால் சாலட் முழுவதையும் கொட்ட வேண்டி வரும். இடுப்பு வரை முடி என்றால் சாதா நெட் தாங்காது, பெரியது கேளுங்கள். நெட் காதுக்கு முன்னால் இருக்கும் குட்டி முடிகளையும் மூட வேண்டும். அதில்தான் எல்லாரும் மாட்டுவார்கள்.

வெம்பிளி பாஸ்கர்
எல்லாரும் நகையிலேயே நிற்கிறீர்கள். அந்த 45 பவுண்டை யாரும் பார்க்கவில்லையா?

வாரம் 20 மணி, 12.21 என்றால் 244.20. அதில் 45 போனால் 199.20. இருபதால் வகுத்தால் மணிக்கு 9.96. 21 வயது ஆனவருக்கு 2025 ஏப்ரலிலிருந்து 2026 மார்ச் வரை சட்டப்படி குறைந்தபட்சம் 12.21. யூனிஃபார்முக்காகப் பிடித்து அதற்குக் கீழே இறக்கக் கூடாது. கவி கையெழுத்துப் போட்டிருந்தாலும் கூடாது. கறுப்பு பேன்ட் நீயே வாங்கிக்கொள் என்று சொல்வதும் இதே கணக்கில் வரும். 2018ல் வாகமாமா என்ற ரெஸ்டாரன்ட் நிறுவனம் கறுப்பு ஜீன்ஸோ பாவாடையோ சொந்தமாகப் போட்டு வரச் சொன்னதற்காகவே குறைந்தபட்சத்துக்குக் கீழே சம்பளம் கொடுத்தவர்களின் அரசாங்கப் பட்டியலில் பெயர் வந்து, ஊழியர்களுக்குப் பாக்கியைத் திருப்பிக் கொடுத்தது. முதல் சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வேலைத் தகராறுகளுக்கு ஆலோசனை சொல்லும் ஏகாஸ் அமைப்பின் எண்ணுக்கு, 0300 123 1100, போன் செய்யுங்கள். இலவச ஆலோசனை.

ராஜன்_செஃப்
ஷூவுக்கு இன்னொன்று. ஈரத் தரையில் வழுக்காமல் இருக்கத்தான் அந்த ஷூ என்றால் அது பாதுகாப்புப் பொருள், அதற்கு ஒரு பென்னிகூட வாங்கக் கூடாது. வெறும் கறுப்பு ஷூ என்றால் உடைக் கணக்கு. எது என்று எழுதிக் கேளுங்கள்.

வெம்பிளி பாஸ்கர்
அங்கேதான் ஏஜென்சி ஹோட்டலைக் காட்டும், ஹோட்டல் ஏஜென்சியைக் காட்டும். என் தம்பிக்கு அந்த இழுபறி கடைசிவரை முடியவில்லை.

கவி_மணப்பாறை
மெயில் போட்டேன், பதில் வந்துவிட்டது. தாலி உள்ளே இருந்தால் பரவாயில்லையாம். மூக்குத்திக்குக் கிச்சனில் நீல பிளாஸ்டர், டேபிளில் எப்படி என்பதை மேனேஜர் திங்கட்கிழமை நேரில் பார்த்துச் சொல்வாராம். கயிறு பற்றி நான் கேட்கவே இல்லை, காலுக்கு மாற்றிவிட்டேன். ஷூ வழுக்காத வகைதானா, அது பாதுகாப்புக்கா என்று ஏஜென்சியிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

ஷார்ஜா செல்வம்
ஷூ கையில் வந்ததும் வீட்டில் இரண்டு நாள் சாக்ஸோடு போட்டு நடங்கள். அரை சைஸ் பெரிதாகக் கேளுங்கள். காலை ஷிஃப்ட் முடிவதற்குள் பாதம் வீங்கும்.

ஸ்கார்பரோ சிவா
இங்க எல்லாம் ஷூவை நாங்கள்தான் வாங்கினனாங்கள். ஒருத்தரும் கேட்கவில்லை.