பழைய எஞ்சினில் 0W-20 ஆயில் ஊற்றிப் பார்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

சென்னை 800: என் 1996 மாருதி 800-க்கு இதுவரை 20W-40 தான். இந்த முறை வேண்டுமென்றே 0W-20 ஊற்றினேன். காலையில் கேட்கும் டாப்பெட் சத்தம் சட்டென்று அடங்கிவிடுகிறது, ஸ்டார்ட்டரும் இலகுவாகச் சுற்றுகிறது. ஆனால் மத்தியானம் கத்திப்பாரா நெரிசலில் ஐடிலில் நின்றால் ஆயில் விளக்கு மினுக்குகிறது. ஆக்சிலேட்டரைத் தொட்டால் அணைகிறது.

ஊட்டி ஜீப்: பயப்படாதீங்க. என் பழைய டீசல் ஜீப்பில் 0W-40 தான் ஓடுகிறது. ஜனவரி காலையில் முதல் தட்டிலேயே கிளம்பும். 0W என்றால் 0W தானே? உங்கள் ஆயில் விளக்கின் பிரஷர் சுவிட்ச் போயிருக்கும்.

கோவை பட்டறை: அண்ணே, முன்னால் இருக்கும் 0W குளிர் ஸ்டார்ட்டுக்கு மட்டும்தான். உங்களுக்கு ஒத்துப்போனதற்குக் காரணம் பின்னால் இருக்கும் 40. சூடான பிறகு அது 15W-40 கனத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். 20 அப்படி இல்லை, சூட்டில் கிட்டத்தட்ட பாதிதான். தேய்ந்த பேரிங் இடைவெளியில் அது வழிந்து ஓடிவிடுவதால் பிரஷர் ஏறாது.

இதே மாதிரி ஒரு 800 எங்களிடம் வந்தது. சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டினோம். நன்றாகச் சூடானபின் ஐடிலில் அரை பார்கூட இல்லை, 3000 ஆர்பிஎம்மில் ஒன்றரை. ஆயிலை இறக்கி 15W-40 ஊற்றியதும் ஐடிலில் ஒன்றுக்குப் பக்கம், 3000-இல் மூன்றுக்குக் கொஞ்சம் கீழே. விளக்கு எரிவதே பிரஷர் ரொம்ப விழுந்த பிறகுதான். அதனால் அது எரியவில்லை என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. சுவிட்ச் சந்தேகமும் கேஜ் மாட்டினால் தீர்ந்துவிடும்.

திருச்சி பைக்: நான் பழைய 100 சிசி பைக்கில் கார் 0W-20 ஊற்றினேன். மைலேஜ் கூடவில்லை, மேட்டில் கிளட்ச் வழுக்கியதுதான் மிச்சம்.

கோவை பட்டறை: அது வேற கதை தம்பி. பைக்கில் கிளட்ச் பிளேட்டும் எஞ்சினின் அதே ஆயிலில்தான் ஊறுகிறது. டப்பாவில் MA2 என்று பார்த்து வாங்குங்க.

சென்னை 800: சரி, டிப்ஸ்டிக்கிலும் அளவு சீக்கிரம் இறங்குகிறது. கியர்பாக்ஸ் பக்கம் சொட்டும் இருக்கிறது, முன்பு இல்லை.

கோவை பட்டறை: இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கீழே வந்ததும் மிதித்துப் பாருங்க. நீலப் புகை வந்தால் வால்வு சீல் வழியாக எரிகிறது. சொட்டு கிராங்கின் பின்பக்க சீலாக இருக்கலாம். ஆயிலை மாற்றினால் நின்றாலும் நிற்கும், இல்லாவிட்டால் சீல் மாற்ற வேண்டியதுதான்.

ஊட்டி ஜீப்: அப்போ அவர் 0W-40 ஊற்றலாமே? காலைச் சத்தமும் அடங்கும்.

கோவை பட்டறை: ஊற்றலாம். ஆனால் சென்னையில் எந்தக் குளிருக்கு அந்த விலை? நானாக இருந்தால் 15W-40 ஊற்றுவேன்.

சென்னை 800: சத்தம் அடங்கியது எனக்குப் பெரிய விஷயம். முதலில் கேஜ் மாட்டிப் பார்க்கிறேன்.