பம்பர் உரசல்தானே என்று விட்டது, இப்போது இன்ஜின் வரை வந்துவிட்டது. கிளெய்ம் கிடைக்குமா?

கரிசல்குமார்:
மாமாவுக்காகக் கேட்கிறேன். திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குப் போகும்போது கயத்தாறு தாண்டி நாய் குறுக்கே வந்திருக்கிறது. ஒதுக்கியதில் வண்டி ரோட்டோரக் கல்லில் ஏறி இறங்கியது. பம்பரின் கீழ்ப்பக்கம் மட்டும் பிளந்திருந்தது. கம்பியால் கட்டிவிட்டு ஓட்டிப் போய்விட்டார். "இதுக்குப் போய் கம்பெனிக்குப் போன் போட்டா நோ கிளெய்ம் போனஸ் போயிரும்" என்பது அவர் கணக்கு. கிளெய்ம் வாங்காததற்காக பிரீமியத்தில் 35 சதவீதத் தள்ளுபடி வைத்திருக்கிறார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து சாத்தூர் பக்கம் ஏசியில் சூடான காற்று வந்திருக்கிறது. கொஞ்ச தூரத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. ரேடியேட்டரின் கீழ்த் தொட்டியில் கீறல், கூலன்ட் முழுக்க ஒழுகி ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்கிறார்கள். எஸ்டிமேட் 68,000. சர்வீஸ் அட்வைசர், "விபத்து நேத்து நடந்ததுன்னு போட்டுக்கலாம் சார்" என்கிறார். போடலாமா?

பாண்டி_74:
24 மணி நேரத்துக்குள் சொல்லவில்லை என்றால் கிளெய்ம் கிடையாது, முடிந்தது. நேத்து தேதி போடுவதுதான் ஒரே வழி. எல்லாரும் செய்வதுதான்.

செல்வி_தூத்துக்குடி:
என் ஸ்கூட்டி மேல் ஒரு கார் இடித்தது. அவர் ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது முழங்கால் வலி நிற்கவில்லை. அவர் இன்சூரன்ஸில் கேட்க முடியுமா?

பழைய சர்வேயர்:
குமார், முதலில் அந்த நேத்து தேதியை விடுங்கள். ரேடியேட்டரைக் கழற்றினால் கீறலைச் சுற்றி கூலன்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரிப் படிந்திருக்கும். ஒரே நாளில் அப்படிப் படியாது. பம்பர் பிளவுக்குள் புழுதி ஏறியிருக்கும், மாமா கட்டிய கம்பியும் இருக்கும். போதாததற்கு கயத்தாறு டோலில் பாஸ்டேக் பதிவு. தேதி பொய் என்று தெரிந்தால், நியாயமாக வரவேண்டியதும் போய்விடும்.

பாண்டி சொல்வது பாதிதான் சரி. உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று பாலிசியில் இருக்கிறது. ஆனால் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக உண்மையான கிளெய்மைத் தள்ளக்கூடாது என்று 2011 செப்டம்பரிலேயே இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏ சுற்றறிக்கை விட்டிருக்கிறது. உங்கள் மாமாவுக்குச் சிக்கல் வேறு இடத்தில். அடிபட்ட வண்டியைச் சரிசெய்யாமல் ஓட்டினால், அதனால் கூடும் சேதம் உரிமையாளர் பொறுப்பு என்று அதே பாலிசியில் ஒரு நிபந்தனை உண்டு. இன்ஜின் அதில்தான் விழும்.

அன்றே சொல்லியிருந்தால் வண்டியை லிப்டில் ஏற்றிப் பார்த்திருப்பார்கள். இப்போது வரும் ரேடியேட்டர்களில் நடுவில் அலுமினியம், தொட்டி பிளாஸ்டிக். மயிரிழைக் கீறல் வண்டி ஆறியிருக்கும்போது ஒழுகாது. சூடாகி அழுத்தம் ஏறினால்தான் கசியும். கூலன்ட் ஒரேயடியாக வற்றிவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும், டெம்பரேச்சர் முள்ளை நம்ப முடியாது. ஏசி சூடானதுதான் மாமாவுக்குக் கிடைத்த எச்சரிக்கை.

போனஸ் பயமும் தேவையில்லை. தகவல் சொல்வதால் மட்டும் அது போகாது, சொந்தச் சேதத்துக்குப் பணம் வாங்கினால்தான் போகும். பார்த்துவிட்டுச் செலவு சின்னதென்றால் கிளெய்ம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

இப்போது செய்ய வேண்டியது: உண்மையான தேதி, இடம், நடந்தது எல்லாம் எழுதி இன்றே மெயில் அனுப்புங்கள். பிரிக்கும் வேலையை நிறுத்துங்கள். பழைய ரேடியேட்டரைப் பழைய இரும்புக்குப் போட விடாதீர்கள்.

செல்வி, நீங்கள் கேட்பது வேறு விஷயம். அவர் ஆயிரம் கொடுத்ததால் உங்கள் உரிமை போகாது. ஆனால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனு போடவேண்டும். போலீஸ் புகாரும் மருத்துவச் சீட்டும் இருக்கிறதா? தனி இழை போடுங்கள்.

பாண்டி_74:
சரிண்ணே. ஆனா பாலிசியோட இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆனும் எடுத்திருந்தா?

பழைய சர்வேயர்:
கம்பெனிக்குக் கம்பெனி வாசகம் மாறும். சிலவற்றில் தண்ணீர் புகுந்தது, ஆயில் ஒழுகியது மட்டும்தான் இருக்கும், கூலன்ட் இருக்காது. பாலிசித் தாளைப் படித்தால்தான் தெரியும்.

கரிசல்குமார்:
கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்து பார்த்துவிட்டார். ஹெட்டை ஏற்கனவே கழற்றி வைத்திருந்ததற்கு ஒர்க்‌ஷாப்காரர்களைக் கடிந்துகொண்டார். பம்பர், ரேடியேட்டர், அதன் தாங்கி மூன்றையும் எழுதிக்கொண்டார், சுமார் 19,000 வரும். பிளாஸ்டிக் பாகத்தில் பாதி தேய்மானம், கட்டாயக் கழிவு 1,000 போக மீதிதான் கையில். இன்ஜினுக்கு ஒன்றுமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ரேடியேட்டர் விசிறி மோட்டார் அடிபட்டுப் போனதா, சூட்டில் போனதா என்று இன்னும் முடிவாகவில்லை. மோட்டாரை மாட்டும் காது உடைந்திருப்பதை மாமா போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்.

பழைய சர்வேயர்:
காது உடைந்திருந்தால் அது அடிதான். எந்தப் பக்கக் காது என்று பாருங்கள். கல் பட்ட பக்கமாக இருந்தால் விடாமல் கேளுங்கள்.