“ஆறு மாதத்தில் நிரந்தரம்” என்கிறார்கள்: இருக்கிற வேலையை விடலாமா?

மழைக்காகம்:
எட்டு வருடமாக ஒரே கம்பெனியில் நிரந்தர வேலை. இப்போது ஒரு ஏஜென்சி மூலம் ஆறு மாத கான்ட்ராக்ட் வந்திருக்கிறது. முடிந்ததும் கிளையன்ட் கம்பெனியே நேரடியாக எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள். சம்பளம் இப்போதைவிட 30 சதவீதம் அதிகம். ராஜினாமா கொடுப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

நேர்கோடு:
ஆறு மாதத்தில் நிரந்தரமாக்குவோம் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். கையில் தாள் இருந்தால் பயமில்லை. 30 சதவீதம் எல்லாம் சும்மா கிடைக்காது, விட்டுவிடாதீர்கள்.

பழையகோப்பு:
எழுத்தில் யாரிடம் வாங்குவது? நான் ஏஜென்சி பக்கம் பல வருடம் இருந்தவன். உங்களுக்கு ஆஃபர் லெட்டர் தருவது ஏஜென்சி. நிரந்தரமாக்க வேண்டியது கிளையன்ட். ஏஜென்சியின் தாளில் கிளையன்ட் கையெழுத்து இருக்காது, அதனால் அந்த வாக்குறுதி அவர்களைக் கட்டுப்படுத்தவும் செய்யாது. வாசகத்தையும் கவனியுங்கள். பெரும்பாலும் “செயல்திறனையும் தேவையையும் பொறுத்துப் பரிசீலிக்கப்படலாம்” என்றுதான் இருக்கும். “தேவை” என்ற ஒரு சொல் போதும், அவர்கள் தப்பித்துக்கொள்ள.

முதலில் கேட்க வேண்டியது, அந்த நிரந்தர இடத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டதா என்பதை. பல கம்பெனிகளில் கான்ட்ராக்ட் ஆளுக்கான பணம் புராஜெக்ட் செலவிலிருந்து வருகிறது. நிரந்தர ஊழியருக்கு அந்தத் துறையின் ஆள் எண்ணிக்கையில் தனியாக இடம் வேண்டும். இரண்டும் வேறு வேறு பை. மேனேஜருக்கு உங்களை ரொம்பப் பிடித்திருக்கலாம், ஆனாலும் இரண்டாவது பை அவர் கையில் இல்லை என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

தென்னங்கீற்று:
இதில் என்ன புதுசு? எந்த வேலையில் சேர்ந்தாலும் முதல் ஆறு மாதம் ப்ரொபேஷன் இருக்கத்தானே செய்கிறது. எல்லோரும் அதைத் தாண்டித்தானே வந்தோம்.

பழையகோப்பு:
ப்ரொபேஷனில் நீங்கள் ஏற்கெனவே அந்தக் கம்பெனியின் ஊழியர். உங்களை வெளியே அனுப்ப அவர்கள் முடிவெடுக்க வேண்டும். இங்கே நீங்கள் ஏஜென்சியின் ஆள். யாரும் எதையும் முடிவெடுக்காமல் தேதி வந்தாலே கதை முடிந்தது. இன்னொன்று, நிரந்தரமான பிறகு ப்ரொபேஷன் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். சேர்ந்த தேதியாக எந்த நாளை எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், மழைக்காகம். விடுமுறை, பணி மூப்பு எல்லாம் அதைப் பொறுத்துத்தான் வரும்.

இரவுப்பணி:
என் கதையைச் சொல்கிறேன். எனக்கும் ஆறு மாதம் என்றுதான் சொன்னார்கள். அப்புறம் நீட்டித்தார்கள், மறுபடியும் நீட்டித்தார்கள். வேலையில் குறை என்று யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடைசியில் டீம் லீட் தனியாகக் கூப்பிட்டு, “உங்களை இப்போது எடுத்தால் ஏஜென்சிக்குப் பெரிய தொகை கட்ட வேண்டும், ஒரு வருடம் முடிந்தால் கட்ட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்” என்றார். பொறுத்தேன். அதற்குள் புது ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். கான்ட்ராக்டும் அத்தோடு சரி.

பழையகோப்பு:
இதைத்தான் அடுத்து எழுத நினைத்தேன். ஏஜென்சி தேடிக்கொடுத்த ஆளைக் கிளையன்ட் எடுத்துக்கொள்ள, அவர்கள் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ஒரு கட்டணம் இருக்கும். பொதுவாக அது வருடச் சம்பளத்தில் ஒரு பங்கு, மாதம் போகப் போகக் குறைந்து ஒரு கட்டத்தில் பூஜ்யம் ஆகிவிடும். அந்தப் பூஜ்யம் ஆறாம் மாதம் வந்தால் ஆறு மாதம் என்ற பேச்சை நம்பலாம். பன்னிரண்டாம் மாதம்தான் வரும் என்றால் கிளையன்ட் ஏன் அவசரப்படப் போகிறது? ஒப்பந்தத்தை உங்களுக்குக் காட்ட மாட்டார்கள். ஆனால் “எத்தனை மாதத்துக்குப் பிறகு கட்டணம் இல்லாமல் எடுக்கலாம்?” என்று கேட்டால் நேர்மையான ஏஜென்சி சொல்லிவிடும்.

உங்கள் தாளிலும் ஒரு வரியைத் தேடுங்கள். கான்ட்ராக்ட் முடிந்து இவ்வளவு காலம் கிளையன்டிடம் நேரடியாகச் சேரக் கூடாது என்று இருக்கலாம். அது இருந்தால், கிளையன்ட் பிறகு தானாகக் கூப்பிட்டாலும் சிக்கல்தான்.

புதுவழி:
எல்லோரும் சேர்ந்து இவரைப் பயமுறுத்துகிறீர்கள். நான் இப்படித்தான் உள்ளே போனேன், சொன்ன நேரத்தில் நிரந்தரமாக்கினார்கள். அவர்கள் நம்மைப் பார்க்கிற மாதிரி நாமும் அவர்களை உள்ளேயிருந்து பார்க்கலாம், எந்த இன்டர்வியூவில் அது கிடைக்கும்? தவிர, எட்டு வருட நிரந்தர வேலையும் ஒரு மெயிலில் போகக்கூடியதுதான்.

நேர்கோடு:
அதேதான். ரிஸ்க் இருக்கிறது, அதற்குத்தான் 30 சதவீதம்.

கணக்குப்புலி:
அந்த 30ஐக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம். இப்போது வருடச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஐந்து நாள் என்றால் வருடத்துக்கு 260 நாள், பண்டிகை, லீவு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் சம்பளம். கான்ட்ராக்டில் வேலை செய்த நாளுக்கு மட்டும் காசு என்றால், அரசு விடுமுறை 10, சொந்த லீவு 15, உடம்பு சரியில்லாதது 5 என்று 30 நாள் போய்விடும். மீதி 230. 130 என்பது 115 ஆகிவிட்டது. இப்போது கம்பெனி தரும் போனஸ், இன்சூரன்ஸ், ஓய்வூதியப் பங்கு எல்லாம் சேர்ந்து வெறும் 10 என்றாலும், உண்மையான ஒப்பீடு 115க்கும் 110க்கும்தான். கையில் நிற்பது 5.

இப்போது ஆறு மாதத்தில் கான்ட்ராக்ட் முடிந்து, அடுத்த வேலை கிடைக்க இரண்டு மாதம் ஆகிறது என்று வையுங்கள். எட்டு மாதத்தில் வந்தது 57 சொச்சம். பழைய வேலையில் இருந்திருந்தால் 73. அந்த 16ஐ வருடம் 5 வீதம் ஈடுகட்டப் பார்த்தால் மூன்று வருடம் ஓடிவிடும். லீவுக்கும் சம்பளம் உண்டு என்றால் கணக்கு மாறும். அதனால்தான் முதலில் அதைக் கேட்கச் சொல்கிறேன்.

புதுவழி:
நிரந்தரமாகிவிட்டால் இந்தக் கணக்கே செல்லாது.

கணக்குப்புலி:
நிரந்தரமாகும்போது அதே 130 தருவார்கள் என்று யார் சொன்னது? போனஸ், லீவு எல்லாம் தருகிறோமே என்று சம்பளத்தைக் குறைத்துப் பேசுவது சர்வசாதாரணம். அந்தத் தொகையையும் இப்போதே பேசிவிட வேண்டும்.

புதுவழி:
இப்போதே பேசினால் ‘இவர் ஆரம்பத்திலேயே கணக்குப் போடுகிறார்’ என்று நினைப்பார்கள். வேலையைக் காட்டிவிட்டுப் பேசினால்தான் மதிப்பு.

கணக்குப்புலி:
பழைய வேலையை விட்ட பிறகு உங்களிடம் என்ன பிடி இருக்கிறது?

மழைக்காகம்:
எல்லோருக்கும் நன்றி. இன்று இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டேன். கட்டணம் எப்போது பூஜ்யமாகும் என்பதற்கு ஏஜென்சி “அது கிளையன்டுக்கும் எங்களுக்கும் உள்ளது” என்றதோடு நிறுத்திக்கொண்டது. லீவுக்குச் சம்பளம் இல்லையாம். கிளையன்ட் மேனேஜர் நன்றாகப் பேசினார். அடுத்த நிதியாண்டுக்கு ஒரு இடம் கேட்டிருக்கிறாராம். இப்படி வந்து நிரந்தரமானவர்கள் இருக்கிறார்களா என்றதற்கு, “இந்த டீமில் நீங்கள்தான் முதல் ஆள்” என்றார். கான்ட்ராக்டை அவர்கள் ஒரு வார நோட்டீஸில் முடிக்கலாம், நான் ஒரு மாதம் தர வேண்டும்.

பழையகோப்பு:
கேட்டிருக்கிறார் என்பது வேறு, கிடைத்திருக்கிறது என்பது வேறு. புது நிதியாண்டு உங்கள் ஆறு மாதத்துக்குள் தொடங்குகிறதா, அப்புறமா? அப்புறம் என்றால் நடுவில் நீட்டிப்பு வேண்டும், அதற்குப் புராஜெக்ட் பணம் இருக்க வேண்டும். நோட்டீஸைப் பேசி மாற்றலாம், பல ஏஜென்சிகள் இறங்கி வருவார்கள். என்ன முடிவெடுத்தாலும் உங்கள் பின்னணிச் சரிபார்ப்பு முழுக்க முடிந்து, சேரும் தேதியோடு கையெழுத்தான தாள் வரும்வரை ராஜினாமா கொடுக்காதீர்கள். ஏஜென்சி “சரிபார்ப்பு அது பாட்டுக்கு நடக்கும், நீங்கள் ராஜினாமா போடுங்கள்” என்று அவசரப்படுத்தும்.

இரவுப்பணி:
நானாக இருந்தால் போக மாட்டேன்.

புதுவழி:
நானாக இருந்தால் போவேன். ஆனால் அந்த மேனேஜர் இடத்துக்கு ஒப்புதல் வாங்கட்டும் என்று ஒரு மாதம் காத்திருப்பேன்.

மழைக்காகம்:
நிதியாண்டு நான் சேர்ந்து ஏழாவது மாதம்தான் தொடங்குகிறது. முதல் கான்ட்ராக்டையே ஒன்பது மாதமாக்கவும், நோட்டீஸை இரு பக்கமும் ஒரு மாதமாக்கவும் கேட்டு ஏஜென்சிக்கு மெயில் போட்டிருக்கிறேன். நாளைக்குள் கையெழுத்து வேண்டும் என்று மட்டும் பதில் வந்திருக்கிறது.