புதுப்பிப்பு: லேஸ் சார்ட்டில் ஓட்டைகள் ஏன் விலகின
முன்பு நான் கேட்டது: "ஊசிப் பின்னல்ல 8 கண்ணி லேஸ் சார்ட், 5 முறை, மொத்தம் 40 கண்ணி. எண்ணிக்கை சரி. ஆனா 3ஆம் வரிசைல ஓட்டைகள் ஒரு கண்ணி தள்ளிப் போகுது. ஏன்?"

காரணம் கிடைச்சிருச்சு. ஒவ்வொரு வரிசையும் எண்ணச் சொன்ன தோழி பாதி சரி. ஓட்டை போடுற யார்ன் ஓவர் விட்டுப்போனா எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும், இடம் மாறினா காட்டாது.

கண்டுபிடிச்சது ஒரு அக்கா. "சார்ட்ல 1, 3, 5 மட்டும்தானே இருக்கு? 3ஐ எந்தப் பக்கமிருந்து படிச்சே?"

இடமிருந்து! 1ஐ வலமிருந்து படிச்சதால, அடுத்த கோடு திரும்பி வரும்னு நினைச்சுட்டேன். திரும்பி வர்றது 2ஆம் வரிசை; முழுக்க பர்ல்ங்கிறதால அதை அச்சிடவே இல்லை. ஒற்றைப்படை எல்லாம் வலமிருந்துதான்.

சரியாப் படிச்சா 3ஆம் வரிசை: ஒரு நேர்க்கண்ணி, யார்ன் ஓவர், இடம் சாயும் குறைப்பு, ஒரு நேர்க்கண்ணி, வலம் சாயும் குறைப்பு, யார்ன் ஓவர், இரண்டு நேர்க்கண்ணி.

இப்போ ஊசியில இப்படிப் பார்க்கிறேன்: குறைப்புல சேர்ற இரண்டுல ஒண்ணு, முந்தின குறைப்போட கண்ணியா இருக்கணும். என் தப்பான வரிசையில இரண்டாவது குறைப்பு பழைய ஓட்டையையே விழுங்கியிருந்துச்சு.

பிரிச்சுப் போட்டேன். 5ஆம் வரிசையில மூணு கண்ணி ஒண்ணாச் சேர்ந்து, இரண்டு பக்கமும் ஓட்டையோட கூர்முனை வந்துச்சு. இடம் சாயும் கோடு மட்டும் இன்னும் பிசிறா இருக்கு. உங்களுக்கும் அப்படியா?