‘பொருண்மை வினா’ சரியா?

பெரம்பூர் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். பிரிவை அப்படியே எழுதச் சொல்லாமல், அதை ஒரு சம்பவமாக்கிக் கேட்கும் தேர்வுக் கேள்விக்குத் தமிழ்ச் சொல் வேண்டும். வகுப்பில் ‘பிராப்ளம்’ என்போம். ‘பொருண்மை வினா’ எனலாமா? ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவை வைத்து நான் எழுதியது:

“ராயபுரம் மளிகைக்காரர் 2018 ஜூன் 10-இல் நண்பரிடம் 2 லட்சம் கைமாற்று வாங்கினார். 2022 ஆகஸ்டில் ‘பாக்கி இருப்பது உண்மை’ என்று கையெழுத்திட்டுக் கடிதம் தந்தார். நண்பர் வழக்குப் போடலாமா?”

3 ஆண்டுக் காலவரம்பு போய்விட்டது, ஆனால் கையெழுத்து இருப்பதால் 25(3) காப்பாற்றும் என்பது என் விடை.

பாரிமுனை வழக்கறிஞர்:
தங்கச்சி, ‘பொருண்மை வினா’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. சட்ட வினாவுக்கு எதிராகச் சொல்வது அது. குழம்பும்.

கேள்வியிலும் இரண்டு ஓட்டை. கொரோனாவை மறந்துவிட்டீர்கள். 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தை உச்ச நீதிமன்றம் காலவரம்புக் கணக்கிலிருந்து கழித்தது. ஆகவே 2022 ஆகஸ்டில் கடன் உயிரோடுதான் இருந்தது. காலவரம்புச் சட்டம் 18ஆம் பிரிவே போதும், 25(3)-க்கு வேலையே இல்லை. தேதியை 2014 ஜூன், கடிதத்தை 2018 ஆகஸ்ட் என்று மாற்றுங்கள்.

மாற்றினால் அடுத்த ஓட்டை தெரியும். ‘பாக்கி உண்மை’ என்பது ஒப்புதல். காலம் முடிந்தபின் ஒப்புதல் உதவாது, தருகிறேன் என்ற வாக்குறுதி வேண்டும். ‘1 லட்சம் தீபாவளிக்குள் தருகிறேன்’ என்று எழுதவையுங்கள். முழுக் கடனுக்கும் இல்லை, அந்த 1 லட்சத்துக்குத்தான் வழக்கு நிற்கும். பிறகு ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்: போனில் சொன்னால்? அதிகாரம் தராத மகன் கையெழுத்திட்டால்? பிரிவின் ஒவ்வொரு சொல்லும் அப்போதுதான் சோதனைக்கு வரும்.

குரோம்பேட்டை ஆசிரியர்:
விதிவிலக்கைத்தானே சோதிக்கிறோம்? ‘விதிவிலக்கு வினா’ என்றால் முடிந்தது.

பாரிமுனை வழக்கறிஞர்:
தலைப்பிலேயே விடையைச் சொல்லிவிடுகிறீர்களே சார்! விதிக்கு நிபந்தனை போடும் வரம்புரையும் உண்டு. சொத்து மாற்றுச் சட்டம் 41-இல், வாங்கியவர் தக்க கவனத்தோடு விசாரித்தாரா என்று கேட்பது வரம்புரை. அங்கே இந்தப் பெயர் பொருந்தாது.

மாதவரம் ஓய்வூதியர்:
என் மைத்துனருக்கு 2016-இல் 80,000 கொடுத்தேன். போன வாரம்கூட ‘தந்துடறேன் மாமா’ என்றான். வழக்குப் போடலாமா?

பாரிமுனை வழக்கறிஞர்:
ஐயா, இது சொல் தேடும் இழை! வாயால் சொன்னது போதாது. எழுதிக் கையெழுத்து வாங்கமுடிந்தால் வாங்கிக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

பெரம்பூர் மாணவி:
திருத்திவிட்டேன் சார். ‘சம்பவ வினா’ எப்படி?

குரோம்பேட்டை ஆசிரியர்:
சம்பவம் என்றால் அடிதடிதான் நினைவுக்கு வருகிறது. ‘புனைநிகழ்வு வினா’?

பாரிமுனை வழக்கறிஞர்:
நீளம். என் ஓட்டு சம்பவத்துக்கே, மனமில்லாமல். ஒன்று கேட்கிறேன்: அந்த வாக்குறுதி வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் ‘கையெழுத்திட்டு’ என்பதற்கு என்ன பதில் எதிர்பார்ப்பீர்கள்? எனக்கே ஒரு பக்கம் சாய முடியவில்லை.