புதுப்பிப்பு: சொல்வதற்கு முன் அவர் மனத்தை அறிய முயன்றது, நடந்தது

நான் கேட்டிருந்தது: "உடன் பணிபுரியும் தோழியை விரும்புகிறேன்; நட்பு கெடாமல் அவருக்கும் விருப்பம் உண்டா என்று எப்படி அறிவது?"

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பயன்பட்டது மூன்றாவதாக எழுதிய அக்காவின் யோசனை: இருவர் மட்டும், அரை மணி நேரம், மறுக்க எளிதான ஓர் அழைப்பு, மறுத்தால் அவராகவே வேறு நாள் சொல்கிறாரா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

"உடனுக்குடன் பதில் அனுப்பினால் விருப்பம்தான்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். கவனித்தபோது, என் தோழி எல்லோருக்குமே அப்படித்தான் பதில் அனுப்புகிறார். மற்றவர்களிடம் எப்படி இருக்கிறார் என்பதோடு ஒப்பிடாமல் அதற்குப் பொருள் இல்லை. கடிதம் கொடுத்த தம் அனுபவத்தை எழுதியவருக்கும் நன்றி, ஆனால் நான் கேட்டது அதற்கு முந்தைய படி.

"புதன் மாலை தேநீர் குடிக்கலாமா?" என்று தோழியிடம் கேட்டேன். "புதன் முடியாது," என்றவர், பையைத் தோளில் மாட்டியபடியே நின்று, "வெள்ளி வரலாமா?" என்று கேட்டார். காரணம் மட்டும் சொல்லி நாள் சொல்லாமல் விட்டிருந்தால், இன்னும் ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு நிறுத்தியிருப்பேன்.

எதிர்பாராதது, வெள்ளியன்று தன் தோழியையும் அழைத்து வந்தார். மனம் சோர்ந்தது. ஆனால் மறுவாரம் அவரே என்னைத் தனியாக அழைத்தார். இது நட்பாகவும் இருக்கலாம் என்பதால், ஞாயிறன்று நேரடியாகவே கேட்கப் போகிறேன்.