அப்பர் லிப், தாடை முடி: த்ரெட்டிங்கா, ட்ரிம்மரா, கிரீமா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

நிலா_மதுரை: எனக்கு மேலுதட்டில் கருப்பாகவே முடி வரும், அதோடு தாடையில் ஓரமாக நாலைந்து தடித்த முடி. பார்லரில் த்ரெட்டிங் செய்தால் ஒரு மாதம் தாங்கும் என்கிறார்கள், ஆனால் எனக்கு ஒரே வாரத்தில் திரும்பத் தெரிய ஆரம்பிக்கிறது. வேரோடு வந்தது எப்படி இவ்வளவு சீக்கிரம் முளைக்கும்? இதையே தொடரலாமா, வேறு ஏதாவது மாற்றலாமா?

கோமதி சேலம்: மேலுதடு கருத்துப் போனதற்கு எனக்கு உருளைக்கிழங்குச் சாறு நன்றாகக் கேட்டது, ராத்திரி தடவிவிட்டுப் படுங்கள்.

நிலா_மதுரை: அக்கா, நான் கேட்டது முடியைப் பற்றி. தோல் கருமை இல்லை.

பார்லர் அக்கா திருச்சி: இருந்தாலும் அவர் சொன்னதையும் ஒரு தடவை கண்ணாடியில் பார்த்துவிடு நிலா. த்ரெட்டிங் முடிந்த மறுநாளும் நிழல் மாதிரி தெரிகிறது, ஆனால் விரலால் தடவினால் வழவழப்பாக இருக்கிறது என்றால் அது முடி இல்லை. அடிக்கடி இழுத்து, தோல் சிவந்து, அந்த இடம் கருத்திருக்கும். நம் நிறத்துக்கு இது சகஜம். அதன்மேல் மறுபடி மறுபடி நூல் போட்டால் இன்னும்தான் கருக்கும்.

சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் முடிதான். நீ எடுத்ததே மறுபடி முளைத்தது என்று நினைக்காதே. எல்லா முடியும் ஒரே நேரத்தில் வெளியே நிற்பதில்லை, எடுக்கும் அன்றைக்குத் தோலுக்கு அடியில் இருந்தவை அடுத்த வாரம் எட்டிப் பார்க்கும். வேரோடு வந்தது திரும்ப இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேலே. இன்னொன்று, முடி ரொம்பக் குட்டையாக இருக்கும்போதே வந்து உட்கார்ந்தால் நூல் அதைச் சரியாகப் பிடிக்காது, பாதியில் அறுத்துவிடும். அறுந்த முடி இரண்டு மூன்று நாளிலேயே குத்தும். நூலில் வந்த முடியைக் கொஞ்சம் உற்றுப் பார், அடி நுனியில் சின்னதாகக் குமிழ் இருந்தால் வேரோடு வந்திருக்கிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளரவிட்டு வந்தால் நன்றாக வரும்.

சுபா ஆர்: ட்ரிம்மர், ரேசர் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், முடி தடித்து ஆம்பளை மீசை மாதிரி ஆகிவிடும். என் அத்தைக்கு அப்படித்தான் ஆனது. கஸ்தூரி மஞ்சள் போதும், முளைப்பதே நின்றுவிடும்.

பார்லர் அக்கா திருச்சி: தடிக்காது சுபா. தானாக வளர்ந்த முடி நுனியில் கூராக இருக்கும், வெட்டினால் நுனி மொட்டையாகிவிடுகிறது, அதனால் தடித்த மாதிரி தோன்றுகிறது. வேரை ட்ரிம்மர் தொடுவதே இல்லையே! மூன்று நான்கு நாளில் திரும்பத் தெரியும், அது மட்டும்தான் தொல்லை. மஞ்சளைத் தேய்க்கும்போது பூனைமுடி கொஞ்சம் உதிரலாம். தடித்த தாடை முடியை அது ஒன்றும் செய்யாது.

ஜெனிஃபர் நாகர்கோவில்: நான் ட்ரிம்மருக்கு வந்தது கிரீமால்தான். முடி நீக்கும் கிரீமை முதலில் முழங்கையில் தடவிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. முகத்துக்கு என்று போட்ட கிரீம்தான், அட்டையில் சொன்ன நேரத்துக்கு முன்பே துடைத்துவிட்டேன், அப்படியும் உதட்டு ஓரம் எரிந்து சிவந்தது, சிவப்பு போன பிறகு பழுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நின்றது. கைத்தோல் வேறு, முகத்தோல் வேறு. போட்டே ஆக வேண்டும் என்றால் காதுக்குக் கீழே தாடை ஓரத்தில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அவ்வளவு பட்டும் முடி ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டது.

வித்யா_கோவை: தாடை முடி என்றதும் எனக்கு என் கதைதான். மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போனதால் மருத்துவரிடம் போனேன், ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிட்டு பிசிஓஎஸ் என்றார். மாத்திரையோடு எஃப்ளோர்னித்தின் கிரீமும் எழுதினார். முடியை அது எடுக்காது, வளரும் வேகத்தைத்தான் குறைக்கும். காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை, நடுவில் எட்டு மணி நேரமாவது இடைவெளி, தடவிய பிறகு நான்கு மணி நேரம் கழுவக் கூடாது. முதல் மாதம் பணம் வீண் என்றுதான் நினைத்தேன், இரண்டு மாதம் தாண்டிய பிறகுதான் த்ரெட்டிங்குக்குப் போகும் இடைவெளி நீண்டது. நிறுத்தினால் இரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எல்லாருக்கும் கேட்காது, கர்ப்பமாக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

நிலா, உனக்கு மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா? திடீரென்று மளமளவென்று வளர்ந்தாலோ, குரல் தடித்தாலோ பார்லரை விட்டுவிட்டு முதலில் மருத்துவரைப் பார்.

நிலா_மதுரை: ஒழுங்காகத்தான் வருகிறது அக்கா, அம்மாவுக்கும் இதே இடத்தில் முடி உண்டு. இப்போதுதான் தடவிப் பார்த்தேன், சொரசொரப்பு இருக்கிறது. அப்படியென்றால் இந்தத் தடவை கொஞ்சம் வளரவிட்டுப் போகிறேன். தாடைக்கும் நூல்தானா?

பார்லர் அக்கா திருச்சி: நாலைந்துதான் என்றால் வெளிச்சத்தில் நின்று ப்ளக்கரால், முடி சாய்ந்திருக்கும் பக்கமாகவே இழு. எதிர்ப்பக்கம் இழுத்தால் அறுந்து, உள்ளுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கொப்புளமாகும். கொப்புளம் வந்தால் நோண்டாதே.

சுபா ஆர்: வருஷக்கணக்கில் த்ரெட்டிங் செய்தால் முடியே குறைந்துவிடும் என்கிறார்களே, எனக்கு நிஜமாகவே மெலிந்திருக்கிறது.

பார்லர் அக்கா திருச்சி: என்னிடம் வருகிறவர்களில் சிலருக்கு அப்படித் தெரிகிறது, பலருக்கு முதல் நாள் இருந்த மாதிரியேதான் இருக்கிறது. நான் யாருக்கும் அப்படிச் சொல்லி நூல் போடுவதில்லை.